"இது விளம்பரம்" என்று தமிழில் சொல்லுவோம்



இந்த மாதம் வருமான வரி பற்றிக் கதைப்பதாகத்தான் இருந்தேன். ஆனால் கடந்த இரண்டு மாதங்களாக ஒரு விஷயம் மனதில் கிடந்து உறுத்துகிறது. அதில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதால் அதையே இன்று எடுத்துக்கொள்கிறேன். சமூக ஊடகங்களில் எங்கள் பிள்ளைகள் காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளையோ சேவையையோ பற்றிச் சொல்லும்போது, "இதற்கு எனக்குக் காசு கிடைக்கிறது" என்பதை எந்தச் சொற்களில், எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்பதுதான் விஷயம்.

நடந்ததைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம். டெக்ஸாஸில் இருக்கும் எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை தமிழில் சிறு காணொளிகள் போடுகிறாள். சமையல், ஊர்க் கதை, அம்மம்மாவின் பகிடிகள் என்று நல்லாகச் செய்வாள். ஒருநாள் ஊருக்குக் காசு அனுப்பும் ஒரு செயலியைப் பற்றி 80 விநாடிக் காணொளி ஒன்று போட்டாள். "நாங்கள் எல்லாரும் இப்ப இதைத்தான் பாவிக்கிறம், நல்ல றேட், உடனே போய்ச் சேருது" என்று சொன்னாள். எனக்கும் அது பயனுள்ளதாகத் தெரிந்தது. காணொளியை இறக்கி, எங்கள் நேயர்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டு, "நல்ல விஷயம், பாருங்கோ" என்று ஒரு வரியும் எழுதிவிட்டேன்.

நியூ ஜேர்சியில் இருக்கும் ஓர் அக்கா அதைப் பார்த்தார். 80களில் வந்தவர். பருத்தித்துறையில் இருக்கும் தம்பிக்கு மாதாமாதம் 400 டொலர் அனுப்புகிறவர். பல வருடமாகப் பாவித்த சேவையை விட்டு இதற்கு மாறினார். முதல் முறை கட்டணமும் இல்லை, விலையும் நல்ல விலை. இரண்டாம் மாதம் 4 டொலர் கட்டணம் வந்தது. அன்றைய விலையைப் பழைய சேவையோடு ஒப்பிட்டால் டொலருக்கு 3 ரூபாய் குறைவு. 400 டொலருக்கு 1,200 ரூபாய் குறைந்தது. அதையும் அவர் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு யாரோ சொல்லித்தான், அந்தக் காணொளி மூலம் சேரும் ஒவ்வொருவருக்கும் அந்தப் பிள்ளைக்கு 25 டொலர் கிடைக்கிறது என்று அறிந்தார். எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, அந்தப் பிள்ளை உழைச்சதில எனக்கு ஒரு கவலையும் இல்லை. சும்மா எங்கட நன்மைக்குச் சொல்லுது எண்டு நினைச்சுத்தான் நான் விசாரிக்காமல் மாறினனான். காசுக்குச் சொல்லுது எண்டு தெரிஞ்சிருந்தால் ரெண்டு இடத்தில கேட்டுப் பாத்திருப்பன்."

சட்டம் என்ன கேட்கிறதோ அதைத்தான் அக்கா இந்த மூன்று வசனங்களில் சொல்லிவிட்டார். அமெரிக்காவில் இதைக் கவனிப்பது பெடரல் டிரேட் கொமிஷன், அதாவது மத்திய வர்த்தக ஆணைக்குழு. இவர்களுடைய பரிந்துரை விளம்பர வழிகாட்டி 1980இல் வந்தது. இணையத்தில் எழுதுபவர்களை உள்ளடக்கி 2009இல் திருத்தினார்கள். கடைசியாக 2023இல் திருத்தினார்கள். அதன் சாரம் இதுதான்: சொல்பவருக்கும் கம்பனிக்கும் இடையில் ஒரு தொடர்பு இருந்து, அது தெரிந்தால் பார்ப்பவர் அந்தப் பேச்சுக்குக் கொடுக்கும் மதிப்பு மாறக்கூடும் என்றால், அந்தத் தொடர்பைச் சொல்ல வேண்டும். காசு மட்டுமல்ல. இலவசப் பொருள், தள்ளுபடி, ஆள் சேர்த்தால் கிடைக்கும் தொகை, வேலை உறவு, குடும்ப உறவு எல்லாம் தொடர்புதான். காசு வாங்குவது குற்றம் என்று எங்கும் எழுதப்படவில்லை.

வானொலிக்காரருக்கு இது புதிதல்ல. இங்கே 1934ஆம் ஆண்டுத் தொடர்பாடல் சட்டத்தின் 317ஆம் பிரிவு, காசு வாங்கி ஒலிபரப்பும் எதற்கும் கொடுத்தவர் யார் என்று அறிவிக்கச் சொல்கிறது. 1950களின் கடைசியில், இசைத்தட்டுக் கம்பனிகளிடம் இரகசியமாகக் காசு வாங்கிப் பாட்டுப் போட்ட விவகாரம் வெடித்த பிறகு, 1960இல் அந்தச் சட்டத்தை இறுக்கினார்கள். பாட்டுப் போட்டது பிழையில்லை. கேட்பவருக்குச் சொல்லாமல் போட்டதுதான் பிழை.

அக்காவின் அழைப்புக்குப் பிறகு அந்தப் பிள்ளையிடம் பேசினேன். அவள் முதலில் திகைத்துப் போனாள். "அங்கிள், நான் போட்டிருக்கிறனே!" என்றாள். உண்மைதான், போட்டிருந்தாள். இருவருமாக அந்தப் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு, அக்காவின் கண்ணால் பார்த்தோம். நான்கு இடங்களில் தவறியிருந்தது.

முதலாவது, சொல். அவள் போட்டிருந்தது #collab, #partner என்ற இரண்டு குறிச்சொற்கள். ஆணைக்குழு 2019 நவம்பரில் இப்படிப் பதிவு போடுகிறவர்களுக்கென்றே ஒரு சிறு கையேடு வெளியிட்டது. அதில் sp, spon, collab போன்ற சுருக்கங்களைப் பாவிக்க வேண்டாம் என்றும், தனியே நன்றி என்றோ ambassador என்றோ போட்டால் போதாது என்றும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். காரணம் எளிது. கூட்டாகச் செய்தோம் என்றால் யார் யாருக்குக் காசு கொடுத்தார் என்று விளங்காது.

இரண்டாவது, மொழி. பேச்சு முழுக்கத் தமிழ், வெளிப்படுத்தல் மட்டும் ஆங்கிலம். பரிந்துரை எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் வெளிப்படுத்தலும் இருக்க வேண்டும் என்று அந்தக் கையேடு சொல்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் முக்கியமான வரி. ஒரு தமிழ்க் காணொளியைத் தேடிப் பார்க்கிறவர்களில் ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர்களும் இருப்பார்கள். தமிழில் நம்ப வைத்து, ஆங்கிலத்தில் எச்சரித்தால் அந்த எச்சரிக்கை யாருக்கு?

மூன்றாவது, இடம். அந்தக் குறிச்சொற்கள் ஐந்து வரி விவரணத்துக்குக் கீழே, பதின்நான்கு குறிச்சொற்களுக்கு நடுவில் இருந்தன. more என்பதைத் தட்டினால்தான் தெரியும். இதே தவறு பெரிய வழக்காகவே வந்திருக்கிறது. புளோரிடாவைச் சேர்ந்த டீமி என்ற தேயிலைக் கம்பனி, உடல் மெலியும், நோய் தீரும் என்றெல்லாம் சொல்லி, இன்ஸ்டகிராம் பிரபலங்களைக் கொண்டு விற்றது. ஆணைக்குழு 2018இல் அந்தக் கம்பனியை எச்சரித்தது. பிறகும் காசு வாங்கிய பிரபலங்கள் போட்ட பதிவுகளில், வெளிப்படுத்தல் more என்பதைத் தட்டினால் மட்டுமே தெரியும்படி இருந்தது என்பது குற்றச்சாட்டு. 2020 மார்ச்சில் 152 இலட்சம் டொலருக்குத் தீர்ப்பு வந்தது. கம்பனியின் நிலை கருதி, 10 இலட்சம் டொலர் கட்டினால் மிகுதியை நிறுத்தி வைப்பது என்று முடிந்தது. பாடகி கார்டி பி உட்பட பதிவு போட்ட 10 பேருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. கவனியுங்கள், அங்கே எழுத்து இல்லாமல் இல்லை. கண்ணில் படாத இடத்தில் இருந்தது. 2023 திருத்தத்தில், வெளிப்படுத்தல் கவனிக்காமல் விடுவதற்குக் கடினமானதாக இருக்க வேண்டும் என்று சொல்லி, இணையப் பதிவுகளில் அது தவிர்க்க முடியாதபடி தெரிய வேண்டும் என்றும் சேர்த்தார்கள்.

நான்காவது, காதும் கண்ணும். அவள் வாயால் சொன்ன பரிந்துரைக்கு வெளிப்படுத்தல் எழுத்தில் மட்டும், அதுவும் காணொளிக்கு வெளியே இருந்தது. கண்ணுக்கும் காதுக்கும் வரும் பேச்சுக்கு வெளிப்படுத்தலும் இரண்டிலும் வர வேண்டும் என்பது விதி. 2023 நவம்பரில் இதை வைத்து ஆணைக்குழு ஒரு தொகுதிக் கடிதங்களை அனுப்பியது. அமெரிக்கக் குளிர்பானத் தொழிற் சங்கமும் கனடாவின் சீனி நிறுவகமும் உணவு ஆலோசகர்களைக் கொண்டு, அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பைப் பற்றியும் சீனியைப் பற்றியும் டிக்டொக்கிலும் இன்ஸ்டகிராமிலும் பேச வைத்திருந்தன. இரு அமைப்புகளுக்கும் 12 ஆலோசகர்களுக்கும் கடிதம் போனது. காணொளியில் பேசிவிட்டு, கீழே உள்ள விவரணத்தில் மட்டும் எழுதினால் போதாது என்பது அதில் ஒரு முக்கிய குறை. காணொளியைப் பார்ப்பவர் விவரணத்தைப் படிக்காமலே போகலாம் அல்லவா?

எங்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். ஏனென்றால் எங்கள் பெரியவர்கள் இன்ஸ்டகிராமில் பார்ப்பதில்லை. என்னைப் போல் ஒருவர் காணொளியை இறக்கி வட்ஸ்அப்பில் அனுப்ப, அங்கேதான் பார்க்கிறார்கள். அப்படி இறக்கும்போது விவரணம் பின்னால் விடுபட்டுவிடும். குறிச்சொற்களும் போய்விடும். தளமே மேலே காட்டும் paid partnership என்ற அடையாளமும் போய்விடும். அந்தத் தள அடையாளத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று கையேடும் சொல்கிறது. ஆகவே நியூ ஜேர்சி அக்காவிடம் போய்ச் சேர்ந்தது காணொளி மட்டும். அந்தப் பிள்ளை எழுதியதில் ஓர் எழுத்துக்கூட அவரிடம் போகவில்லை. அதை வெட்டி அனுப்பியவன் நான். இதற்காக அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன், குழுவிலும் எழுதினேன்.

இதிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரு சோதனை கிடைத்தது. காணொளியை இறக்கி, வேறொரு தொலைபேசிக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இரண்டு முறையும் இது காசுக்குச் சொல்லப்படுவது என்று தெரிந்தால் சரி. ஒன்றில் தெரியாவிட்டாலும் திரும்பச் செய்ய வேண்டும்.

அடுத்து, தமிழில் எந்தச் சொல்லைப் போடுவது? இங்கேதான் நாங்கள் ஒரு மாலைப்பொழுது முழுவதும் செலவழித்தோம். "அனுசரணை" என்று போடலாம் என்றாள். எங்கள் ஊர் வானொலியில் வளர்ந்தவர்களுக்கு அது பழகிய சொல். ஆனால் அனுசரணை என்றால், நிகழ்ச்சி நடக்க யாரோ உதவினார்கள் என்றுதான் காதில் விழும். நிகழ்ச்சியில் சொன்ன புகழ்ச்சியே விலைக்கு வாங்கப்பட்டது என்று விழாது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் அவ்வளவு பழக்கமும் இல்லை. "இணைந்து வழங்கும்" என்பது collab என்பதன் தமிழ் வேஷம், அவ்வளவுதான். "அன்பளிப்பு" என்பது இன்னும் சிக்கல். பதிவு போட வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு தந்தால் அது அன்பளிப்பே அல்ல. கடைசியில் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் மலையகத்திலும் ஒரே மாதிரி விளங்கும் சொல் ஒன்றுதான் மிஞ்சியது: விளம்பரம்.

அதுகூடத் தனியே இந்தப் பதிவுக்குப் போதாது என்று எனக்குப் பட்டது. ஆள் சேர்ந்தால் காசு என்பது வேறு விதமான தொடர்பு. affiliate link என்று எழுதினால் சாதாரண மக்களுக்கு விளங்காது என்று ஆணைக்குழுவே சொல்லியிருக்கிறது. ஆகவே நடப்பதை நடக்கிறபடியே சொல்வது என்று முடிவு செய்தோம். புதிய காணொளியின் முதல் வசனங்கள் இவை:

"வணக்கம். இது விளம்பரம். கீழே இருக்கிற இணைப்பால போய் நீங்கள் முதல் முறை காசு அனுப்பினால், இந்தக் கம்பனி எனக்குக் காசு தரும். இனி விஷயத்தைச் சொல்லுறன்."

அதே நேரத்தில் திரையில் பெரிய எழுத்தில், "விளம்பரம். நீங்கள் சேர்ந்தால் எனக்குக் காசு கிடைக்கும்" என்று நிற்கும். இருட்டுப் பின்னணியில் வெள்ளை எழுத்து, ஒரு பெரியவர் ஆறுதலாக வாசித்து முடிக்கும் வரை. எழுதும் விவரணத்திலும் முதல் வரி அதுவே. எவ்வளவு காசு என்று சொல்ல வேண்டியதில்லை. முழுக் கணக்கையும் விதி கேட்கவில்லை. ஆனால் தொடர்பின் தன்மை மாறிவிடக் கூடாது. காசும் வாங்கிக்கொண்டு "பொருளை இலவசமாகத் தந்தார்கள்" என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை.

இத்தோடு முடியவில்லை. "நாங்கள் எல்லாரும் இதைத்தான் பாவிக்கிறம்" என்று சொன்னாயே, உண்மையா என்று கேட்டேன். அவள் ஒரு முறை 50 டொலர் அனுப்பிப் பார்த்திருக்கிறாள். வீட்டில் வேறு யாரும் தொடவில்லை. அந்த வசனம் கம்பனி அனுப்பிய எழுத்தில் இருந்தது. விளம்பரம் என்று சொல்லிவிட்டால் பொய் மெய்யாகிவிடாது. பாவிக்காததைப் பாவித்ததாகச் சொல்லக் கூடாது என்பது தனி விதி. அதை "நான் ஒருமுறை அனுப்பிப் பார்த்தனான், அடுத்த நாள் போய்ச் சேர்ந்தது" என்று மாற்றினோம். "முதல் முறைக்குத்தான் இந்த விலை, இரண்டாம் முறை நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கோ" என்ற வசனத்தையும் சேர்த்தோம். அக்காவுக்குத் தேவைப்பட்ட வசனம் அதுதான்.

வேறு சில நிலைமைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் ஒரு சேலை தந்து காட்டச் சொன்னால்: "இந்தச் சேலையைக் கடைக்காரர் எனக்கு இலவசமாகத் தந்தவர்." மாமாவின் சாப்பாட்டுக் கடையைப் புகழ்ந்தால்: "இது என்ர மாமாவின்ர கடை." காசு வாங்காவிட்டாலும் இதைச் சொல்ல வேண்டும். பே ஏரியாவில் ஒருவர் தான் வேலை செய்யும் கம்பனியின் பொருளைப் புகழ்ந்தால், "நான் அங்கே வேலை செய்கிறேன்" என்று சேர்க்க வேண்டும். நேரலை செய்தால் இடையிடையே திரும்பச் சொல்ல வேண்டும், நடுவில் வருகிறவர்கள் தொடக்கத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள். சொந்தக் காசில் வாங்கி, யாரும் கேட்காமல் நல்லது என்று சொன்னால் ஒன்றும் தேவையில்லை.

சென்னைக் காணொளிகளில் வேறு மாதிரிப் போடுகிறார்களே என்று கேட்பீர்கள். இந்தியாவில் விளம்பரத் தர மன்றம் 2021இலும், நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் விதிகள் வெளியிட்டன. பரிந்துரையின் மொழியிலேயே வெளிப்படுத்த வேண்டும் என்று அந்தத் துறையும் சொல்கிறது. ஆனால் collaboration என்ற சொல்லை அங்கே ஏற்கிறார்கள். இங்கே அதன் சுருக்கத்தைத் தெளிவில்லாத சொல் என்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் பலர் அங்கிருந்துதான் அந்தப் பழக்கத்தைப் பிடித்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து போட்டாலும், அமெரிக்காவில் உள்ளவர்களை அது பாதிக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கக் கூடியதாக இருந்தால், அமெரிக்கச் சட்டம் பொருந்தும் என்று கையேடு சொல்கிறது. ரொறன்ரோவில் இருந்து நியூ ஜேர்சிக் கடைக்கு விளம்பரம் செய்கிறவர்கள் கவனிக்கவும்.

கணக்காளனாக ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பதிவு போடுவதற்காகக் கிடைத்த காசும், அதற்குக் கைமாறாகக் கிடைத்த பொருளின் சந்தைப் பெறுமதியும் வருமானம். கம்பனி படிவம் அனுப்பாவிட்டாலும் வருமானம்தான். அந்தப் பிள்ளை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறாள்: திகதி, கம்பனி, கிடைத்தது என்ன, எந்தப் பதிவு. ஐந்தாவதாக ஒரு நிரல் போட்டுக் கொடுத்தேன்: "எந்த விநாடியில் சொன்னேன்?" வருமான நிரலில் ஓர் எண் இருந்து, இந்த நிரல் வெறுமையாக இருந்தால், அந்தப் பதிவைத் திருத்த வேண்டும் என்று அர்த்தம்.

புதிய காணொளியை அனுப்பியபோது கம்பனி, அந்த முதல் வசனத்தைக் கடைசிக்கு மாற்றும்படி கேட்டது. கையேட்டின் அந்தப் பக்கத்தை இணைத்துப் பதில் எழுதினாள். பொறுப்பு கம்பனிக்கும் உண்டு என்பதால் அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். பழைய காணொளியால் ஒரு மாதத்தில் 31 பேர் சேர்ந்தார்கள், 775 டொலர் வந்தது. புதியதால் அடுத்த மாதம் 12 பேர், 300 டொலர். "குறைஞ்சிட்டுது அங்கிள்" என்றாள். குறைந்ததுதான், அதை நான் மறைக்கவில்லை. அந்த வித்தியாசம் முழுவதும் வெளிப்படுத்தலால் வந்தது என்றும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த 12 பேரும் தெரிந்துகொண்டு சேர்ந்தவர்கள்.

அக்காவுக்கு அந்தப் புதிய காணொளியை நானே அனுப்பினேன். இந்த முறை "பாருங்கோ" என்று எழுதவில்லை. "இது விளம்பரம் அக்கா" என்று எழுதினேன். "ஓம், பிள்ளை முதலே சொல்லுதே" என்று பதில் வந்தது. அவர் பழைய சேவைக்கே திரும்பிவிட்டார். பிள்ளையின் சமையல் காணொளிகளை இப்போதும் பார்க்கிறார்.

எங்கள் குழுவில் இனி ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். யார் எந்தக் காணொளியை அனுப்பினாலும், அதில் விளம்பரம் என்று தெரிந்தால், அந்தச் சொல்லை அனுப்புகிறவர் தன் கையால் மேலே எழுத வேண்டும். நேயர்களும் அப்படிச் செய்தால் நல்லது. வருமான வரியை அடுத்த மாதம் எடுத்துக்கொள்வோம்.